இரவுப் பணிக் குறிப்புகள்: வேகமாக வாங்கும் மூச்சு

மார்ச் 4

நள்ளிரவு தாண்டி ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநரை மனைவியும் மைத்துனரும் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வயது 32. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தாராம். நெஞ்சை இறுக்குது, உதட்டைச் சுற்றி விறுவிறுங்குது, மூச்சே பத்தலை என்கிறார். இரண்டு கைகளிலும் விரல்கள் குவிந்து மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன. வலிப்பு என்று நினைத்து யாரோ ஒரு கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சாவியால் வலிப்பும் நிற்காது, இதுவும் நிற்காது. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். இரண்டு கையும் இழுக்கிற வலிப்பில் இப்படிப் பேச்சு வராது.

மூச்சு நிமிடத்துக்கு 34, நாடி 124, ரத்த அழுத்தம் 150/90. ஆக்சிஜன் 100. சர்க்கரை 112. ஈசிஜியில் துடிப்பு வேகம் மட்டும்தான், வேறு மாற்றம் இல்லை.

கூட வந்தவர்கள் "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதுதான் நிலைமையை மோசமாக்கும். அவருக்குக் காற்று குறையவில்லை, அளவுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, மூக்கு வழியா கொஞ்சமா இழுங்க, நாலு எண்ணுற நேரம். வாய் வழியா மெதுவா விடுங்க, ஆறு எண்ணுற நேரம்" என்று கூடவே எண்ணினேன். முதலில் முடியவில்லை. கால்மணி நேரம் போனதும் விரல்கள் தளர்ந்தன. அப்புறம் உதட்டு விறுவிறுப்பு போனது. நெஞ்சு இறுக்கம்தான் கடைசியாக விட்டது.

அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மாரடைப்பில் இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின், வலி தொடங்கிய உடனே ஏறிவிடாது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இவர் வந்தது வலி தொடங்கிய அரைமணிக்குள். அதனால் டியூட்டி டாக்டர் ஒரு முறை பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து ட்ரோபோனினும் ஈசிஜியும் மறுபடி பார்த்தார். இரண்டும் சரி. அதற்குப் பிறகுதான் 'பீதித் தாக்குதல்' என்று சீட்டில் எழுதினார்.

விடியும்போது மனைவி சொன்னார்: பத்து நாளைக்கு முன்னால் கூட வண்டி ஓட்டுகிற நண்பர், இதே வயது, மாரடைப்பில் இறந்திருக்கிறார்.

மார்ச் 5

நேற்று எடுத்த ரத்தவாயுப் பரிசோதனையை வைத்து டாக்டர் பயிற்சி டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தார். நானும் நின்று கேட்டேன். இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை, இவருக்குக் கை இழுப்பு அதிகமாக இருந்ததால் எடுத்தது. கார்பன் டை ஆக்சைடு 22, இருக்க வேண்டியது 35 முதல் 45. ரத்தத்தின் பிஎச் 7.57, இருக்க வேண்டியது 7.35 முதல் 7.45.

கார்பன் டை ஆக்சைடு என்றால் வெளியே தள்ள வேண்டிய கழிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரியான அளவில் வைப்பதே அதுதான். வேகமாக மூச்சுவிட்டு அதைக் கொட்டிவிட்டால் ரத்தம் காரமாகிறது. அப்போது ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியத்தை அல்புமின் புரதம் இழுத்துக் கட்டிவைத்துக்கொள்ளும். மொத்தக் கால்சியம் குறையாது, ஆனால் நரம்புக்குக் கிடைப்பது குறையும். நரம்புகள் காரணமில்லாமல் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கும். உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் அது முதலில் தெரிகிறது, முற்றினால் கை இழுத்துக்கொள்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். மேல்நெஞ்சால் நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் களைத்து இறுகும். நெஞ்சு இறுக்கத்தில் ஒரு பங்கு அதுதான்.

ஆக, வலியும் விறுவிறுப்பும் நிஜம். இதனால்தான் "ஒண்ணுமில்லை, டென்ஷன்" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றும் இல்லாமல் கை இப்படி மடங்காது.

மார்ச் 9

இன்றைக்கு வந்தது இதற்கு நேர்மாறு. கல்லூரி விடுதியிலிருந்து 19 வயதுப் பெண். கூட வந்த விடுதிக் காப்பாளர் "பரீட்சை பயம் சிஸ்டர், காலையிலிருந்து மூச்சு வாங்குறா, பேப்பர் பை கொடுத்துப் பார்த்தோம்" என்றார்.

மூச்சு 36. ஆக்சிஜன் 99. எண்களை மட்டும் பார்த்தால் அந்த ஓட்டுநர்தான். ஆனால் இவளது மூச்சு ஒரே சீராக, ஆழமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சேர்ந்து எண்ணினாலும் குறையவில்லை. நாக்கு வறண்டு கிடந்தது. இரண்டு முறை வாந்தி. அழுகப்போகும் பழத்தின் வாடை மூச்சில். கேட்டதும் தோழி சொன்னாள்: ஒரு மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், உடை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை அதிகம் என்பதற்கு HI என்று காட்டியது.

முதல் வகைச் சர்க்கரை நோய், இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிட்டது. ரத்தவாயுவில் கார்பன் டை ஆக்சைடு 14, பிஎச் 7.08.

இருவருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைவு, ஆனால் பிஎச் எதிரெதிர்த் திசையில். ஓட்டுநருக்கு மூச்சுதான் கோளாறு. இவளுக்குக் கோளாறு வேறிடத்தில், மூச்சு அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அமிலத்தை வெளியேற்ற உடம்புக்கு இருந்த ஒரே அவசர வழி அது. அந்த வழியைத்தான் பேப்பர் பை அடைக்கப் பார்த்தது. ஆஸ்துமாவிலும் மாரடைப்பிலும் பை இன்னும் ஆபத்து, ஆக்சிஜனே குறைந்துவிடும். பீதிதான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் நாங்கள் பை கொடுப்பதில்லை.

ஐசியுவுக்கு அனுப்பினோம். சலைனும் இன்சுலினும் ஓடுகின்றன.

மார்ச் 11

எதிர்வீட்டு அக்கா கேட்டார், "எது பயம், எது நோய்னு வீட்டுல எப்படிம்மா தெரியும்?" முதல் தடவையென்றால் வீட்டில் தெரிந்துகொள்ளப் பார்க்கவே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள் என்றேன். முன்பே பரிசோதித்து, பீதி என்று டாக்டர் சொன்னவர்களுக்குத்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரைமணி ஒருமணிக்குள் இறங்கிவிடும். விறுவிறுப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதமா என்று பார்க்க வேண்டும். உதடு விறுவிறுப்போடு வீங்கி, உடம்பில் தடிப்பும் வந்தால் ஒவ்வாமை. தைராய்டு அறுவைக்குப் பிறகு உதடு விறுவிறுத்தால் கால்சியமே நிஜமாகக் குறைந்திருக்கலாம். மாடி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் விடுகிற இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவுவது, சில்லென்று வியர்ப்பது எல்லாம் இதயத்தைப் பார்க்கச் சொல்பவை. பிரசவம், அறுவை, நீண்ட பயணம் முடிந்து ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் வாங்கினால், நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். அதில் சில சமயம் ஆக்சிஜன் எண் நன்றாகவே இருக்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம், அதனால் இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்குப் போதாது என்றும் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது.

மார்ச் 19

ஓட்டுநர் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தவர், என்னையும் பார்க்க வந்தார். தைராய்டு சரி, ரத்தசோகை இல்லை. தூக்கம் வர மெடிக்கலில் அல்பிரசோலம் கேட்டிருக்கிறார், சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லது, அது பழக்கமாகிவிடும். இங்கே செர்ட்ராலின் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம், அதற்காக நிறுத்திவிடக் கூடாது என்றேன். மனநல ஆலோசகர் இவரைப் படி ஏறச் சொல்கிறார். நாடி எகிறுவது ஆபத்தில்லை என்று உடம்புக்குப் பழக வேண்டுமாம்.

"மறுபடி வந்தா இங்கதான் வருவேன் சிஸ்டர்" என்றார். வாங்க, ஆனால் அந்த ஈசிஜி தாளையும் கொண்டு வாங்க என்றேன். பழையது கையில் இருந்தால் புதியதில் என்ன மாறியிருக்கிறது என்று உடனே தெரியும். வெயிலில் அந்தத் தாள் மங்கிவிடும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்து வண்டியில் வைத்திருக்கிறாராம்.