ஒன்றேகால் வழக்கு

சின்னவனுடைய கணக்கு மிஸ்ஸிடமிருந்து போன் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. அவன் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் மாமனாரைப் பார்ப்பேன். மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார், சில சமயம் தலைகீழாக. கடைசியில் பள்ளிக்கூடம் போவது நான்தான்.

இந்த முறை மிஸ் சொன்னது இதுதான்: "அடிதடி எல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஒரு கணக்குக்கு மார்க் போடலைன்னு கேக்கறான். கேக்கட்டும், தப்பில்ல. ஆனா விட மாட்டேங்கறான். நேத்து கணக்கு பீரியட் முடிஞ்சு தமிழ் மிஸ் வந்து நிக்கறாங்க, இவன் உக்காரலை."

விடாமல் பிடிப்பது அவனுக்கு அம்மா வழியில் வந்தது. காய்கறிக்காரரிடம் கொசுறுக் கறிவேப்பிலைக்காக அவள் நடத்தும் பேச்சுவார்த்தையில் எத்தனையோ நாள் என் ஆபீஸ் பஸ் போயிருக்கிறது. இதை நான் சொன்னதாக யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

ராத்திரி அவன் பையைக் கொட்டி அந்தத் தாளை எடுத்தேன். பாதி தின்ற பென்சில், மூடியில்லாத பசை, எப்போதோ தொலைந்துபோன என் பேனா எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. ஆறாவது கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம். ஒவ்வொன்றையும் நான்கு சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வட்டம் முழுக்க நிழல். இரண்டாவதில் ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் நிழல். கீழே, 'படத்தில் நிழலிட்ட பகுதியைப் பின்னமாக எழுதுக'. இரண்டு மதிப்பெண்.

இவன் 5/8 என்று எழுதியிருக்கிறான். மிஸ் அதைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் 1 1/4 என்று போட்டிருக்கிறார்.

"மொத்தம் எட்டுத் துண்டு இருக்குப்பா. அஞ்சுல நிழல் இருக்கு. எட்டுல அஞ்சு. இதுல என்ன தப்பு?"

தப்பு எதுவும் தெரியவில்லை. மிஸ் எழுதியதிலும் தெரியவில்லை. ஒரு முழு வட்டம், இன்னொன்றில் கால், ஆக ஒன்றேகால். இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு எங்கள் வீட்டில் நேராக மாமனாரிடம் போகும். மனுஷர் பழைய படி, உழக்கு காலத்து ஆள். வாய்ப்பாட்டில் அரைக்கால், மாகாணி எல்லாம் ஒப்பித்து வளர்ந்தவர். கால்குலேட்டரைக் கண்டால் இன்றைக்கும் முகம் சுளிப்பார்.

தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மாப்பிள்ளை, இது என்ன பெரிய கணக்கு? நாலு உழக்கு ஒரு படி. அஞ்சு உழக்குன்னா ஒன்றேகால் படி. டீச்சரம்மா சொன்னது சரி. எட்டு எங்கேருந்து வந்தது?"

சின்னவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சொந்தத் தாத்தாவே எதிர்க்கட்சி. கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "தாத்தா, வீட்டுல ரெண்டு படி அரிசி இருக்கு. அதுல அஞ்சு உழக்கு எடுத்து வடிச்சாச்சு. இருந்ததுல எவ்வளவு பங்கு தீர்ந்துச்சு?"

"ரெண்டு படின்னா எட்டு உழக்கு. அதுல அஞ்சு. அரையே அரைக்கால் பங்கு" என்று பழக்கதோஷத்தில் சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அரையும் அரைக்காலும் சேர்ந்தால் 5/8. அதே அஞ்சு உழக்கு. படியை அளவாக வைத்தால் ஒன்றேகால், இருந்த அரிசியை முழுசாக வைத்தால் எட்டில் ஐந்து. மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த முறை நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

இதற்குள் அவன் அம்மா விஷயத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். 5/8 கட்சி, 5/4 கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் 0.625 என்று போட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். இன்னொருவர் தன் பிள்ளை இரண்டு விடையையும் எழுதி இரண்டும் தப்பு என்று வாங்கி வந்திருப்பதாக வருத்தப்பட்டார். அதற்கு நடுவில் ரோஜாப் பூ வைத்து இரவு வணக்கம் சொல்லும் மாமா வழக்கம்போல் வந்து சொல்லிவிட்டுப் போனார். குழுவில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

காலையில் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் விசாரணை. மிஸ் நல்ல மாதிரி. மேஜையில் திருத்தாத நோட்டு இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது, அதற்கு மேலே ஆறிப்போன டீ. இவ்வளவுக்கும் நடுவில் சிரிக்கிறார். நான் வாயைத் திறக்கவே இல்லை. வக்கீல் தன் கட்சிக்காரனைவிடக் குறைவாகப் படித்திருந்தால் சும்மா இருப்பதுதான் மரியாதை.

சின்னவன் தாளைத் திருப்பி நாலாவது கணக்கைக் காட்டினான். அதில் இரண்டு சதுரம் ஒட்டிக்கொண்டு ஒரு செவ்வகமாக நிற்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் நாலு கட்டம், மொத்தத்தில் மூன்றுக்கு நிழல். எல்லாரும் 3/8 என்று எழுதினார்கள், எல்லாருக்கும் டிக்.

"இங்க மட்டும் ரெண்டையும் சேர்த்து எட்டுன்னு எடுத்தீங்களே மிஸ்?"

"அது ஒரே படம்டா. ஒட்டி இருக்கு. வட்டம் ரெண்டும் தனித்தனியா இருக்குல்ல?"

இதை எதிர்பார்த்தே வந்திருக்கிறான். தாளின் பின்பக்கத்தில் ராத்திரியே படம் போட்டு வைத்திருந்தான். முதல் வரிசையில் சதுரங்கள் ஒட்டி இருக்கின்றன. அடுத்ததில் நூல் இடைவெளி. அதற்கடுத்து ஒரு விரல். கடைசியில் தாளின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. "இதுல எந்தப் படத்துல மிஸ் எட்டு நாலா மாறுது?"

பக்கத்து மேஜை சயின்ஸ் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

மிஸ் அசரவில்லை. அதே தாளை வாங்கி, இரண்டு வட்டத்துக்கும் பக்கத்தில் நிழலே இல்லாத மூன்றாவது வட்டம் ஒன்றைப் போட்டு நாலாகப் பிரித்தார். "இப்ப உன் விடை என்ன?"

"5/12."

"நிழலை நான் தொட்டேனா? அது அப்படியேதானே இருக்கு? அப்புறம் ஏன் உன் விடை குறைஞ்சுது? என் விடை பாரு, பக்கத்துல எத்தனை காலி வட்டம் போட்டாலும் ஒன்றேகால்தான். ஒரு வட்டத்தை ஒண்ணுன்னு வெச்சு அளந்தா அளவு மாறாது."

எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது. சின்னவன் அந்த மூன்றாவது வட்டத்தையே முறைத்துக்கொண்டு நின்றான். ஆள் அவுட் என்றுதான் நினைத்தேன்.

"நிழல் குறையல மிஸ். மொத்தம் கூடிடுச்சு" என்றான் மெதுவாக. "எத்தனை வட்டத்துக்கு நிழல் போட்டிருக்குன்னு கேட்டிருந்தா நானும் ஒன்றேகால்னுதான் எழுதியிருப்பேன். நீங்க படத்துல எவ்வளவு பகுதின்னு கேட்டிருக்கீங்க. படம் முழுக்க அடிச்சாலே ஒண்ணுதான் மிஸ் வரும். படத்துல ஒன்றேகால்னா ரெண்டரை வட்டம் ஆயிடும். மீதி அரை வட்டத்தை மேஜை மேலதான் அடிக்கணும்."

சயின்ஸ் சார் இருமுவது போல் ஏதோ செய்தார். மிஸ் கேள்வியை இன்னொரு தரம் படித்தார். அப்புறம் பீரோவைத் திறந்து, ஜெராக்ஸ் எடுப்பதற்கு முந்தைய மூலத்தாளை எடுத்தார். அதில் ஐந்தாவது கணக்குக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இனிவரும் கணக்குகளில் ஒரு முழு வடிவத்தை 1 எனக் கொள்க'. இவர்களுக்குக் கொடுத்த பிரதியில் ஐந்தாவது கணக்கு பின்பக்கத்தின் தலையில் வருகிறது. தாள் ஏறி விழுந்து ஜெராக்ஸ்காரர் அந்த வரியின் தலையை வாங்கிவிட்டார். மேலே கறுப்பாகக் கொஞ்சம் கால்கள் மட்டும் தெரிகின்றன. நான் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

கேள்வியில் எது முழுசு என்று சொல்லாவிட்டால் இரண்டு விடையும் நிற்கும் என்று மிஸ்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் கலப்பு பின்னப் பாடம் நடத்திவிட்டுக் கொடுத்த தாளில் அதை யோசிக்காமல் விட்டது இவன் பிழைதானாம். ஆகவே பாதி மார்க் தருகிறேன் என்றார்.

"பாதின்னா எதுல பாதி மிஸ்?"

"டேய், இரண்டில் பாதிடா! ஒரு மார்க்!"

அது நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டான். அதோடு நகர்ந்திருக்கலாம். அடுத்த செக்‌ஷனுக்குக் கொடுக்க வேண்டிய தாள்கள் மேஜையில் கட்டாக இருந்தன, எல்லாவற்றிலும் அதே தலை வெட்டு. அதைப் பார்த்துவிட்டு, "இவங்களும் வந்து கேப்பாங்களே மிஸ்" என்று அக்கறையாக எச்சரித்தான். மிஸ் சிவப்புப் பேனாவை அவன் கையில் கொடுத்து, கட்டையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியை எழுதச் சொல்லிவிட்டார். இன்டர்வெல் முழுக்க எழுதினானாம். பாதிக்கு மேல் கை வலித்து, 'முழு வடிவம் = 1' என்று சுருக்கிவிட்டானாம். மூலத்தாளைவிட அதுதான் தெளிவாக இருக்கிறது என்று மிஸ்ஸே சொன்னாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஆள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் கதை வேறு. இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுப் போனவனுக்கு ஆபீசில் அரை நாள் லீவு போட்டிருக்கிறார்கள். கேட்டால் கால் நாள் என்று ஒன்று சிஸ்டத்திலேயே கிடையாதாம். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்பா வேலை?"

"எட்டு."

"எட்டுல ரெண்டு கால்தானே? எப்படிப்பா அரை போடுவாங்க?"

மேனேஜர் நம்பர் கேட்டிருக்கிறான். கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.