பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் மூன்று நாள்

நகராட்சிகளுக்குச் சுகாதாரத் திட்டமிடலில் உதவும் ஒரு குழுவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதில் நான் அதிகம் கற்றுக்கொண்டது ஒரு நடுத்தர ஊரின் பேருந்து நிலையத்தில், கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூன்று நாட்களில்தான். காலை 5 மணிக்குத் திறப்பதிலிருந்து இரவு 10 மணிக்குப் பூட்டும்வரை, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கோடு போட்டு எண்ணினோம். ஆண்கள் பக்கம் ஒரு தம்பி, பெண்கள் பக்கம் நான்.

போனதற்குக் காரணம் புகார்கள். நாற்றம், பெண்கள் பக்கம் இரண்டு அறை எப்போதும் பூட்டு, பலகையில் 5 ரூபாய் என்று இருக்க 10 ரூபாய் வசூல். எல்லோரும் குத்தகைக்காரரைத்தான் திட்டினார்கள், நானும் அந்த நினைப்போடுதான் போனேன்.

முதலில் பூட்டிய இரண்டு அறைகள். ஐந்தில் இரண்டு, அதுவும் கடைசி இரண்டு. திறக்கச் சொன்னபோது உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருந்தன. சாமான் வைக்க இடம் இல்லாமல் பூட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன், அது தவறு. அங்கே வேலை செய்த அக்கா என்னைக் கூப்பிட்டு, பக்கத்து அறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். பூட்டியிருந்த அறையின் தரை ஜாலியில் குமிழி வந்தது. கோப்பையில் தண்ணீர் மேலே ஏறி நின்று, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கியது. "டேங்க் ரொம்பிடுச்சும்மா. இந்த ரெண்டும் தாழ்வா இருக்கு, டேங்குக்குப் பக்கம். மொதல்ல இங்கதான் எதுக்களிக்கும்" என்றார். இது எந்த ஆய்வு அறிக்கையிலும் இல்லை. இப்போது எந்தப் பொதுக் கழிப்பறைக்குப் போனாலும் முதலில் நான் பார்ப்பது, பூட்டியிருக்கும் அறை செப்டிக் டேங்குக்குப் பக்கத்து அறையா என்பதைத்தான்.

டேங்க் ஏன் நிரம்பியது? அது 12,000 லிட்டர். எங்கள் கணக்கில் அங்கே ஒரு நாளைக்குப் போகும் கழிவுநீர் சுமார் 9,000 லிட்டர். செப்டிக் டேங்கில் கழிவுநீர் குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் தங்கினால்தான் கசடு கீழே படிந்து தெளிந்த நீர் வெளியே போகும். கசடு மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டால் மீதி 8,000 லிட்டர், அதாவது ஒரு நாளுக்கும் குறைவு. கசடு அப்படியே நீரோடு வெளியே போய் உறிஞ்சு குழியை அடைக்கிறது. போதாததற்கு, கறை போக வாரம் இரண்டு முறை ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் கோப்பையின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் தின்றுவிடுகிறது, டேங்கில் கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவையும் கொல்கிறது. அரிக்கப்பட்ட இடுக்கில் சிறுநீர் இறங்கி உட்கார்ந்துகொண்டால் அப்புறம் எத்தனை பினாயில் ஊற்றினாலும் நாற்றம் போகாது. தரை காய்ந்திருக்கிற கழிப்பறை நாறுவது குறைவு. எப்போதும் ஈரமாக இருக்கும் கழிப்பறை, கழுவிய பத்தாவது நிமிடத்திலேயே நாறும்.

சரி, லாரி வரவழைத்து டேங்கை எடுக்க வேண்டியதுதானே? ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். "சிறு பழுதுகள் குத்தகைதாரரைச் சாரும், பெரும் பழுதுகள் நகராட்சியைச் சாரும்" என்று இருந்தது. செப்டிக் டேங்க் காலி செய்வது சிறு பழுதா, பெரும் பழுதா என்று எங்கும் சொல்லப்படவில்லை. குத்தகைக்காரர் கடிதம் எழுதியிருந்தார். அது உங்கள் பொறுப்பு என்று பதில் வந்திருந்தது. ஒன்றரை வருடம் இப்படியே போனதில், தோண்டி எடுக்க ஆளை இறக்கிவிடலாமா என்றுகூட யாரோ பேசியிருக்கிறார்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த 2013ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம், அதற்கு மேல் ஆளின் உயிர் போகிற காரியம். நல்லவேளையாக அந்த அக்கா போன்றவர்கள் மறுத்துவிட்டார்கள்.

இனி 10 ரூபாய் விஷயம். மூன்றாம் நாள் மாலை குத்தகைக்காரரே டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார். ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குக் குத்தகை, அவர் கேட்டது வருடத்துக்கு 14,60,000 ரூபாய், அதாவது நாளுக்கு 4,000. மூன்று பேர் துப்புரவு, இரண்டு பேர் வசூல் என்று ஆள் போட்டால் சம்பளம் நாளுக்கு 2,200. கோடையில் தண்ணீர் லாரி, மின்சாரம், பினாயில், எல்லாம் சேர்த்து 800. மொத்தம் 7,000. நாங்கள் எண்ணியதில் நாளுக்குச் சராசரி 2,400 பேர். ஆனால் அதில் 1,500 பேர் சிறுநீர் கழிக்க வந்த ஆண்கள், அவர்களுக்கு இலவசம். காசு கொடுப்பவர்கள் 900 பேர், அதில் 500 பேர் பெண்கள். பலகையில் இருக்கும் 5 ரூபாய்படி 4,500தான் வரும், நாளுக்கு 2,500 நஷ்டம். அவர் செய்தது இரண்டு காரியம்: 10 ரூபாய் வாங்கினார், துப்புரவு ஆளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏலத்தில் யார் ஜெயித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கழிப்பறையை நகராட்சி ஒரு வருமானமாகப் பார்த்து, சைக்கிள் ஸ்டாண்டையும் கடையையும் ஏலம் விடுகிற அதே ஏலத்தில் விடுகிறது. ஏலத்தில் அதிகம் கேட்கிறவர், சுத்தத்துக்குக் குறைவாகச் செலவழிக்கப்போகிறவர். 1974இல் பாட்னாவில் பிந்தேஷ்வர் பாடக்கின் சுலப் அமைப்பு கட்டணக் கழிப்பறையைத் தொடங்கியபோது, வசூலாகும் காசிலிருந்தே அதைப் பராமரிப்பது என்பதுதான் யோசனை. அந்தக் காசில் மேலே ஒரு குத்தகைத் தொகையையும் எடுக்கத் தொடங்கியபோது, பராமரிப்புக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லாமல் போனது.

அந்த 500 பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பெரும்பாலானவர்கள் சிறுநீர் கழிக்க மட்டும்தான் வந்தார்கள். ஆணுக்கு இலவசமான அதே காரியத்துக்குப் பெண் 10 ரூபாய் கொடுக்கிறாள், ஏனென்றால் பெண்கள் பக்கம் இருப்பது எல்லாம் 'கழிப்பறை' கட்டணத்தில் வருகிறது. மும்பையில் பெண்கள் 2011இல் இதை எதிர்த்து இயக்கமே தொடங்கினார்கள். எங்கள் பேருந்து நிலையத்தில் பூ விற்கிற ஒரு அம்மா என்னிடம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அவ்வளவுதான் என்றார். நடுவில் தண்ணீர் குடிப்பதில்லை.

பிறகு வரிசை. தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டியில் 100 ஆண்களுக்கு ஒரு கழிப்பறையும், 50 பேருக்கு ஒன்று வீதம் சிறுநீர்க் கோப்பையும் என்று இருக்கிறது. 100 பெண்களுக்கு இரண்டு கழிப்பறை. பெண்களுக்கு இரட்டிப்பு என்று தோன்றும், ஆனால் கூட்டிப் பாருங்கள்: ஆண்களுக்கு மூன்று இடம், பெண்களுக்கு இரண்டு. அதோடு நேரம். நான் கடிகாரம் பார்த்துக் குறித்ததில் ஒரு பெண்ணுக்குக் கதவு சாத்தித் திறக்கச் சராசரியாக இரண்டரை நிமிடம் ஆனது. புடவை, கைப்பை, சில சமயம் குழந்தை. கதவில் பை மாட்டக் கொக்கி இல்லை, ஈரத் தரையில் பையை வைக்க யாருக்கும் மனம் வராது, அதனால் பையைத் தோளில் இடுக்கிக்கொண்டோ வெளியே ஒருத்தரிடம் கொடுத்துவிட்டோ போகிறார்கள். இரண்டரை நிமிடம் என்றால் ஒரு அறைக்கு மணிக்கு 24 பேர். ஐந்து அறை இருந்தால் 120. காலை ஏழரையிலிருந்து எட்டரைவரை வந்தவர்கள் 110 பேர், ஐந்தும் திறந்திருந்தால் சமாளித்திருக்கும். மூன்றுதான் திறந்திருந்ததால் 72 பேருக்கு மேல் முடியவில்லை. மீதிப் பேர் பஸ் வந்துவிட்டது என்று திரும்பிப் போனார்கள்.

பெண்கள் பக்க வாசல் கட்டடத்தின் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டிய சந்தில் இருந்தது. மறைவாக இருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டவர் நினைத்திருப்பார். ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் அந்தச் சந்தில் ஆண்கள் நின்று சிகரெட் பிடித்தார்கள், விளக்கு ஒன்று எரியவில்லை. ஏழரை மணிக்குப் பிறகு மணிக்கு ஐந்தாறு பெண்கள்கூட வரவில்லை. அறைகளின் தடுப்புச் சுவர் கூரை வரை போகாமல் ஏழடியில் நின்றது, மேலிருந்து யாராவது போனை நீட்டிவிடுவார்களோ என்று கல்லூரிப் பெண்கள் பயந்தார்கள். காசு வாங்குபவர் இரு பக்கத்துக்கும் பொதுவாக உட்கார்ந்திருந்த ஒரு ஆண்.

எங்கள் அறிக்கையின் பேரில் அடுத்த குத்தகைக் காலத்தில் முறை மாறியது. ஏலத்தை நிறுத்திவிட்டு, நகராட்சியே மாதம் ஒரு தொகை கொடுத்துப் பராமரிப்பை ஒப்படைத்தது. கட்டணம் இல்லை. தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, காய்ந்த தரை என்று பன்னிரண்டு வரிப் பட்டியல், தவறினால் பிடித்தம். டேங்க் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நகராட்சிச் செலவில் லாரி வைத்து எடுக்கப்படும் என்று தெளிவாக ஒரு வரி. வாசல் முன்பக்கம், பூக்கடைகளைப் பார்த்து வந்தது. சுவரைக் கூரை வரை ஏற்றி, மேலே கம்பி வலை போட்ட காற்றுச் சந்து வைத்தார்கள். கதவுக்கு ஒரு கொக்கி. பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் பணியாளர்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. நான்காம் மாதம் பில் நிலுவை. ஒப்பந்தக்காரருக்குப் பணம் வரவில்லை, அவர் சம்பளம் தரவில்லை, ஆட்கள் நின்றார்கள், மறுபடி நாற்றம். பட்டியலையோ மேசையில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு வரிக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மோட்டார் எரிந்துபோன வாரத்திலும் 'தண்ணீர் உண்டு' என்று டிக். பிறகு பேருந்து நுழைவுக் கட்டணத்திலிருந்து இந்தப் பில்லை முதலில் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பட்டியலில் பூக்கடை அம்மாக்கள் இருவர் வாரம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அவர்கள் உள்ளே போய்ப் பார்க்காமல் போடுவதில்லை.

இரவு 10 முதல் காலை 5 வரை இன்னும் பூட்டுதான். அந்தப் பேருந்து நிலையத்தைப் பெருக்கும் பெண்கள் வேலைக்கு வருவது காலை நாலரைக்கு. அவர்களுக்காக, இரவு முழுக்க ஆள் இருக்கும் டைம் கீப்பர் அறைப் பக்கம் தனிக்கதவு வைத்து ஒரே ஒரு அறையையாவது திறந்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். வரைபடம் பொறியாளர் மேசையில் இருக்கிறது.