‘நன்றாக இருக்கிறது’ என்ற பதிலுக்குப் பிறகு

பத்தமடை கோரையில் சாப்பாட்டு மேசைக்கான சிறு விரிப்புகள் செய்து, ஜெர்மனியில் ஒரு கடைக்காரருக்கு மூன்று மாதிரிகள் அனுப்பினேன். ஒவ்வொன்றும் 30க்கு 45 செ.மீ. பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது: நன்றாக இருக்கிறது, குழுவோடு பேசிவிட்டுச் சொல்கிறோம். எனக்கு அன்று ஆர்டரே கிடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. இரண்டு முறை ‘ஏதாவது முடிவு ஆயிற்றா’ என்று எழுதினேன். ‘இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று வந்தது.

தூத்துக்குடியில் ஷிப்பிங் அலுவலகத்தில் வேலை பார்த்த மாமாவிடம் கேட்டேன். “நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னுதாம்ல சொல்லுவான். அளந்து பதில் சொல்ற மாதிரி கேளு” என்றார்.

கேட்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் என் தவறு தெரிந்தது. மாதிரிகளில் எண் ஒட்டவில்லை. ‘சிவப்புக் கோடு போட்டது’ என்று எழுதினால் இரண்டில் சிவப்பு இருந்தது. நல்லவேளை, மூன்றுக்கும் ஜோடி என்னிடம் இருந்தது. ஒரே தறியில் அடுத்தடுத்து நெய்தவை. அவற்றைப் படம் எடுத்து, படத்தின் மேல் 1, 2, 3 என்று எழுதி அனுப்பினேன். கூடவே நான்கே கேள்விகள். மேசையில் விரித்தால் மூலை தூக்குகிறதா, எத்தனை செ.மீ.? ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா? மூன்றையும் வரிசைப்படுத்தினால் கடைசி எது, ஏன்? நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கடை விலைக்கு இதில் எதை மாற்றினால் வாங்குவீர்கள்? ‘குறை சொன்னால் வருத்தப்பட மாட்டேன், தறியில் மாற்ற அது தேவை’ என்றும் எழுதினேன். இந்த ஒரு வரி முக்கியம் என்று நினைக்கிறேன். கைத்தொழில் செய்பவரின் மனம் நோகும் என்று பலர் வாயைத் திறப்பதில்லை.

நான்கு நாளில் பதில் வந்தது. இரண்டாம் எண்ணின் மூலை 1 செ.மீ. தூக்குகிறது. மூன்றாவதில் சிவப்பு ஒட்டுகிறது. முதலாவதில் ஈர வாடை. அப்புறம் ஒரு வரி: மூன்றிலுமே ஓரம் சரியில்லை.

இந்த நான்காவது வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓரம் என்றால் நெசவின் பக்க ஓரமா? அப்படியானால் பாவு நூலைக் கட்டுவதிலேயே மாற்ற வேண்டும். நெய்யும் அக்காவிடம் சொல்லிப் புதிதாகப் பாவு போடவே கிளம்பிவிட்டேன். சரி, ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று, ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து, பக்க ஓரத்துக்கு அ, துணி வைத்துத் தைத்த முனைக்கு ஆ என்று அம்புக்குறி போட்டு, ‘எது?’ என்று மட்டும் கேட்டேன். அவர் ஆவை வட்டமிட்டு அனுப்பினார். நெசவில் குறையே இல்லை. நான் தைத்த கறுப்புத் துணிப் பட்டைதான் அவர் கடைக்கு ஒத்துவரவில்லையாம், சாம்பல் நிறம் வேண்டுமாம். பட்டையை மாற்ற ஒரு மத்தியானம் போதும்.

மற்றவற்றுக்குக் காரணம் தேட என்னிடமிருந்த ஜோடி உதவியது. அதைத் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு எனக்கும் ஒட்டியது. சாயத்தில் கொதிக்கவைத்த கோரையைத் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசாமல் எடுத்திருக்கிறோம். ஈர வாடைக்குக் காரணம் கார்த்திகை மழையில் நெய்து, முழுக்கக் காயுமுன் பிளாஸ்டிக் உறையில் மூடியது. மூலை மட்டும் என் வீட்டில் தூக்கவில்லை. அனுப்பியதைச் சுருட்டி அனுப்பியிருந்தேன், என்னுடையது தட்டையாகக் கிடந்தது. அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் கோரை இன்னும் காய்ந்து சுருட்டலிலேயே நின்றுவிட்டது போலும்.

இரண்டாம் தடவை ஒரு மாதிரிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். நான்காம் எண் நன்றாக அலசிய சிவப்பு. ஐந்தாம் எண் சாம்பல் பட்டை. இரண்டையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, இரு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்பினேன். பின்பக்கம் எண் தைத்திருந்தேன், அதே எண்ணோடு ஜோடி என் அலமாரியில். இம்முறை கேள்வித்தாள் பார்சலுக்குள்ளேயே போனது.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. நான்கில் சாயம் ஒட்டவில்லை, ஐந்தின் பட்டை சரி, இரண்டையும் ஒன்றாக்கி 60 விரிப்புகளுக்கு விலை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சாயம் பற்றிய சோதனை அறிக்கையும் கேட்டிருக்கிறார். கூடுதலாக அலசும் கூலியையும் சோதனைச் செலவையும் சேர்த்து விலை எழுதி நேற்று அனுப்பினேன்.