எழுதியபடி இருக்கிறது, ஆனால் உதவவில்லை

டெஸ்டிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, வெரிஃபிகேஷனுக்கும் வேலிடேஷனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு ஆன்லைன் விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ‘5 நிமிடம் எதுவும் செய்யாவிட்டால் தானாக லாக் அவுட் ஆக வேண்டும்’ என்கிறது தேவை ஆவணம். டிசைனிலும் கோடிலும் அதே 5 நிமிடம்தானா என்று ரிவ்யூவில் பார்க்கிறோம். ஓட்டியும் பார்க்கிறோம், சரியாக 5 நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது. இதெல்லாம் வெரிஃபிகேஷன். ஓட்டிப் பார்த்தாலே வேலிடேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆவணத்தோடு மட்டும் ஒப்பிட்டால் அது வெரிஃபிகேஷன்தான்.

அப்புறம் உண்மையான பயனர் ஒருவரை நிரப்பச் சொல்கிறோம். சான்றிதழைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து வருவதற்குள் 8 நிமிடம். நிரப்பியதெல்லாம் போச்சு! இதைக் கண்டுபிடிப்பது வேலிடேஷன். கோடில் தப்பில்லை, தேவையில்தான் ஓட்டை. அதனால் டெவலப்பரிடம் சண்டை வேண்டாம். பிசினஸ் அனலிஸ்டிடம் போய், பாதுகாப்புக்காக லாக் அவுட் இருக்கட்டும், நிரப்பியதை டிராஃப்டாகச் சேமிக்கலாமா என்று கேளுங்கள்.