கண்ணீரை எடுத்துவிட்டுக் கணக்கை வையுங்கள்

நன்கொடைக் கடிதத்தில் முதலில் நீக்க வேண்டிய வரி: "ஏழைப் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்க வாரி வழங்குங்கள்." எத்தனை பிள்ளை, எதற்குப் பணம், எவ்வளவு என எதுவுமே அதில் இல்லை.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துபவர்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இப்படி மாற்றலாம்:

"வகுப்பு முடிந்து 22 பிள்ளைகள் லயத்து வீடுகளுக்கு 3 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறரைக்கே இருட்டிவிடும். ஜீப் வாடகை ஒரு மாலைக்கு 600 ரூபாய். மாதம் 24 நாளுக்கு 14,400. பிள்ளைக்கு 200 வீதம் பெற்றோர் 4,400 தருகிறார்கள். மீதி 10,000. ஜூன் முதல் மார்ச் வரை ஒரு லட்சம். கையில் 40,000 இருக்கிறது, 60,000 வேண்டும்."

பெற்றோர் தரும் 200-ஐ மறைக்கவே கூடாது. அதை விட்டால் அவர்கள் கையேந்துபவர்களாகத் தெரிவார்கள். கையிருப்பைச் சொன்னால் வசூல் குறையும் என்று கமிட்டியில் யாராவது பயப்படுவார்கள். பின்னால் வரவு செலவைப் பார்ப்பவர் கேட்டால் என்ன சொல்வார்களாம்?

"500 ரூபாயில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறும்" என்பதும் வேண்டாம். 500 ஒருநாள் ஜீப்புக்கே போதாது, படிப்பவருக்குக் கூட்டத் தெரியும். "600 கொடுத்தால் ஒரு மாலை ஜீப் ஓடும்" என்றால் போதும். கூடுதலாக வந்தால் அடுத்த ஜூனுக்கு வைப்போம் என்றும் ஒரு வரி சேருங்கள்.