இறங்கும் வழியில் கறுப்பு வைசர் வேண்டாம்

ஏற்காட்டிலிருந்து மாலையில் பைக்கில் இறங்குகிறவர்களே, தயவுசெய்து ஹெல்மெட்டின் கறுப்பு வைசரை நம்பாதீர்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு திருப்பத்தில் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்; அடுத்ததில் மலையின் நிழல். வெளிச்சத்தில் சுருங்கிய கண் நிழலுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 11 மீட்டர் போய்விடுகிறோம். கறுப்பு வைசரும் சேர்ந்தால், உருண்டு கிடக்கும் கல்லும் தெரியாது, விளக்குப் போடாமல் ஏறி வரும் வண்டியும் தெரியாது.

நான் நிறமற்ற வைசரின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் சூரியன் மறைகிறது, சாலை தெரிகிறது. நிழல் வந்ததும் நிமிர்ந்தால் போதும். ஆனால் வைசரில் கீறல் இருந்தால் ஒவ்வொரு கீறலும் வெயிலில் பளிச்சிட்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும். தூசியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

காலையில் சேலத்திலிருந்து மேற்கே சங்ககிரிப் பக்கம் போகும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நமக்குத் தொல்லையில்லை. ஆனால் உங்கள் நிழல் முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது என்று பொருள். அவர் குறுக்கே திரும்பக் காத்திருந்தால், உங்களைப் பார்த்துவிட்டார் என்று எண்ணாமல் வேகத்தைக் குறையுங்கள்.