பச்சையா, மஞ்சளா?

ஒன்பதாம் வகுப்பு ஆய்வகத்தில் ஒரு நாள் ஒரே கரைசலுக்கு இரண்டு விடைகள் வந்தன. அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் ஊதா முட்டைக்கோஸ் சாற்றை, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் விட்டு, ஒரு குழு பச்சை என்று எழுதியிருந்தது, இன்னொரு குழு மஞ்சள் என்றது. என்னிடமிருந்த நிற அட்டவணை பச்சை என்றதால், மஞ்சள் எழுதியவர்களை மாற்றச் சொன்னேன். "நாங்க பார்த்தது மஞ்சள்தான் மிஸ்" என்றாள் ஒரு மாணவி. அவள் குரல் மாலைவரை உறுத்தியது.

எல்லாரும் போன பிறகு நானே செய்து பார்த்தேன். சாறு வழக்கம்போலத்தான்: 100 கிராம் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, 250 மில்லி கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டியது. வாலை வடிநீர்தான் எடுப்பேன். குழாய்த் தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் சாறே நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் நடுநிலை நிறம் எது என்றே தெரியாது.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, இரண்டு சோதனைக்குழாய்களில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மில்லி எடுத்தேன். மூன்றாவதில் சமையல் சோடாக் கரைசல். ஒவ்வொன்றிலும் 10 சொட்டு சாறு விட்டேன். முதல் இரண்டும் பச்சையாயின, மூன்றாவது நீலப்பச்சை. அன்று அவசரமில்லாததால் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் பச்சை வெளிறி மஞ்சளடித்தது. சமையல் சோடாக் குழாய் அப்படியே இருந்தது.

சாற்றுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி வீரியமான காரத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரு பகுதி நீல வடிவிலும் ஒரு பகுதி மஞ்சள் வடிவிலும் இருக்கும்போது, இரண்டும் கலந்து கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. நேரம் போகப்போக நீலம் குறைந்து மஞ்சள் மிஞ்சுகிறது, மூலக்கூறும் சிதையத் தொடங்குகிறது. அதை உறுதிசெய்ய, புதிதாகச் செய்த பச்சைக் குழாயில் 2 மில்லி வினிகர் விட்டேன். இளஞ்சிவப்பு கலந்த ஊதா நன்றாகத் திரும்பியது. அரை மணி நேரம் மஞ்சளாக நின்ற குழாயிலும் அதே அளவு விட்டேன். வெளிறிய நிறம்தான் வந்தது. போனது திரும்பவில்லை.

மறுநாள் அந்தக் குழுவிடம், "நீங்கள் பார்த்தது சரி, நான் மாற்றச் சொன்னது தவறு" என்றேன். அவர்கள் சாறு விட்டுவிட்டு அடுத்த குழாயைத் தயார் செய்து வந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பதிவு அட்டவணையில் நிறத்துக்குப் பக்கத்தில் நேரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சாறு விட்ட அரை நிமிடத்துக்குள் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண வரிசையையும் முந்தின நாளே செய்து வைப்பதில்லை. காரப் பக்கக் குழாய்கள் காலைக்குள் மாறிவிடுகின்றன.

செம்பருத்தி இதழ்ச் சாற்றிலும் ஆந்தோசயனின்தான், அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. ஆனால் இதழின் வழவழப்பால் வடிகட்ட நேரமாகும், இடைப்பட்ட நிறங்களைப் பிரித்தறிவதும் கடினம். அமிலமா காரமா என்று மட்டும் கேட்டால் செம்பருத்தி போதும். எவ்வளவு வீரியம் என்று கேட்கும் வகுப்புக்கு முட்டைக்கோஸைத்தான் எடுத்துப்போகிறேன்.